விடுமுறை அறிவிப்பில் விடுபடும் வரிகள்
(குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)



2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். அன்று காலை இராஜாக்கமங்கலத்தில் மின்சாரம் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தது எனக்குத் தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கொஞ்ச தூரத்தில் தென்னை ஒன்று மின்கம்பியோடு சாய்ந்து கிடந்தது. தாண்டிப் போய்விடலாம் என்றே நினைத்தேன். எதிரே வந்த பெரியவர் ஒருவர், "சாரே, கம்பியில கரண்ட் இருக்கான்னு யாருக்குத் தெரியும்? திரும்பிப் போங்க" என்று தடுத்தார்.

அதனால் அறிவிப்பில் பயணம் பற்றி ஒரு வரி வேண்டும் என்பேன். அறுந்த கம்பியிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். தேங்கிய நீரில் கம்பி கிடந்தால் அந்த நீரிலும் கால் வைக்கக் கூடாது. மின்னகம் 94987 94987, ஆட்சியரகக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் முந்தின மாலையே, போன் வேலை செய்யும்போதே, பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். காலையில் செய்தி வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "தகவல் வரும்வரை பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருங்கள்."

அடுத்தது சம்பளம். "பள்ளிகளுக்கு விடுமுறை" என்பதும் "மாணவர்களுக்கு விடுமுறை" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது என்றால் நாம் பணிக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் விடுப்பு எழுத வேண்டும். எந்தச் சொல் வந்தது என்று ஆணையைப் பார்த்தே பதிவேட்டில் எழுதுங்கள். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு இதில் பெரிய சிக்கல் வராது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வரும் பகுதி நேர ஆசிரியருக்குத்தான் வரும். ஒரு பள்ளியில் மழை நாளுக்குரிய கட்டத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். மாதக் கடைசியில் அது வராத நாளாகப் படிக்கப்பட்டது. அவர் தொகுப்பூதியத்துக்காக இரண்டு முறை நடந்தார். "பேரிடர் விடுமுறை, ஆட்சியர் ஆணை" என்று தேதியோடு அன்றே எழுதியிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

ஈடுசெய்யும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரை 200 வேலை நாள், 6 முதல் 8 வரை 220 நாள். நம் நாட்காட்டி 222 நாள் காட்டி, மழையில் மூன்று நாள் போனால், நடுநிலை வகுப்புகளுக்குக் குறைவது ஒரு நாள்தான். அதற்காக மூன்று சனிக்கிழமை என்று நாமாகவே அறிவித்துப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். முதன்மைக் கல்வி அலுவலரின் ஆணை வந்த பிறகு தேதியைச் சொன்னால் போதும்.

வீட்டுப்பாடத்தை மட்டும் தள்ளி வையுங்கள். ஒக்கிக்குப் பிறகு துறைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கடலுக்குப் போன அப்பாவை எதிர்பார்த்துக் கரையில் நின்றார்கள். விட்ட பாடத்தை நோட்டில் எழுதி வரச் சொன்னேன் அப்போது. இப்போது சொல்ல மாட்டேன். பள்ளி திறந்த முதல் இரண்டு நாளில் வகுப்பிலேயே நடத்திக்கொள்வேன்.