கடன் அட்டையின் இரண்டு தேதிகள்

தோட்டத்துக் கடையில் நாம் பற்று எழுதி வாங்கியபோது சம்பள நாள் ஒன்றுதான் கணக்கு. இன்று நம் பிள்ளைகள் பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் தொழிற்சாலை வேலைக்குப் போய்க் கடன் அட்டை வாங்கி வருகிறார்கள். அதில் இரண்டு தேதிகள். வங்கி கணக்கை முடித்துப் பில் எழுதும் நாள் ஒன்று. பணம் கட்டக் கடைசி நாள் மற்றொன்று. நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் இடையே குறைந்தது 20 நாள் இருக்கும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பில் நாள் 5ஆம் தேதி. கடைசி நாள் 25. மகன் மார்ச் 6இல் 1,200 வெள்ளிக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறான். முதல் நாள்தான் பில் முடிந்தது. எனவே இது ஏப்ரல் 5 பில்லில் வரும். ஏப்ரல் 25க்குள் கட்டலாம். அன்று 1,200ஐயும் கட்டிவிட்டால் 50 நாள் கடனுக்கு வட்டி ஒரு காசும் இல்லை. அதே பெட்டியை மார்ச் 4இல் வாங்கியிருந்தால் மார்ச் 25இலேயே கட்ட வேண்டும்.

பில்லில் 'குறைந்தபட்சத் தொகை 60 வெள்ளி' என்று இருக்கிறது. பாக்கியில் 5 விழுக்காடு அது. பல வங்கிகளில் அது 50 வெள்ளிக்குக் குறையாது. மகன் 60 கட்டிவிட்டு, இந்த மாதக் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறான். அதனால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டியில்லாத சலுகையோ போய்விடுகிறது. பொருள் கணக்கில் பதிந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால், 50 நாளுக்கு 1,200 மீதும், பிறகு 10 நாளுக்கு 1,140 மீதுமாக ஏறக்குறைய 35 வெள்ளி. மே 5 பில்லில் 1,175 நிற்கும். அறுபது கட்டியும் கடன் குறைந்தது 25 வெள்ளிதான்!

இன்னொன்றையும் பாருங்கள். அவன் 1,100 கட்டி, வெறும் 100 மட்டும் பாக்கி வைக்கிறான் என்போம். அந்த நூறுக்கு மட்டும்தானே வட்டி என்று தோன்றும். இல்லை. அந்த 50 நாளும் 1,200க்கும் வட்டி கணக்கிடப்படும். 100 வெள்ளியை நிறுத்தியதற்கு ஏறக்குறைய 30 வெள்ளி வட்டி. நூறை எங்காவது கைமாற்றாக வாங்கியாவது கட்டியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் பதிந்த நாளிலிருந்தே வட்டி. அட்டையில் ரொக்கம் எடுத்தால், பாக்கி இல்லாவிட்டாலும் அன்றே வட்டி தொடங்கும். முழுப் பாக்கியும் தீர்த்த பிறகும் அடுத்த பில்லில் சில வெள்ளி வட்டி வந்தால் வங்கியின் தவறல்ல. பில் நாளுக்கும் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது. அதையும் கட்டினால்தான் வட்டியில்லாத நாட்கள் திரும்பி வரும்.