ஆச்சி பார்த்த திரை

சங்கரன்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர். பேத்திக்கு முதல் ஸ்கேன். கூட வந்த ஆச்சியையும் உள்ளே விட்டார்கள். கறுப்புத் திரையில் அவரைக்கொட்டை அளவுக்கு ஏதோ தெரிந்தது. அதன் நடுவில் ஒரு மினுக்கம்.

"அது என்ன தாயி, விட்டு விட்டு மினுங்குது?"

"இதயம், பாட்டி. நிமிஷத்துக்கு 160 தடவை துடிக்குது" என்றார் டாக்டர்.

"ஓட்டமா ஓடியாந்த மாதிரில்லா அடிக்கு!"

இந்தப் பருவத்தில் அந்த வேகம் சரிதானாம்.

தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தார்கள்: 16 மில்லிமீட்டர். கடைசி மாதவிலக்கு தேதியிலிருந்து எண்ணினால் 9 வாரம். ஆனால் இந்த அளவு 8 வாரத்துக்கு உரியது. கருமுட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் இப்படி ஆகும். தொடக்க வாரங்களில் எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்வதால், டாக்டர் ஸ்கேன் அளவையே நம்பினார். கடைசி மாதங்களில் அப்படி நம்ப முடியாது. ஒரு பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும், ஒன்று ஒல்லியாக இருக்கும். டாக்டர் பிரசவத் தேதியை ஒரு வாரம் தள்ளி எழுதினார்.

ஆச்சி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ வளைகாப்புக்கு வேற நாள்லா பாக்கணும்?"