கடைசி மாதவிலக்கின் முதல் நாள்



கிராம சுகாதாரச் செவிலியர்களும், மகப்பேறு மருத்துவர்களும், ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் இந்த மாநாடு, கர்ப்பிணியின் அட்டையில் முதலில் எழுதப்படும் இரண்டு தேதிகளிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஒன்று எல்.எம்.பி., அதாவது கடைசி மாதவிலக்கின் முதல் நாள். மற்றது இ.டி.டி., அதாவது எதிர்பார்க்கப்படும் பிரசவ நாள். இரண்டாவது தேதி முதல் தேதியிலிருந்து கணக்குப்போட்டு வருவது. முதல் தேதி ஒரு பெண்ணின் நினைவிலிருந்து வருவது.

துணை சுகாதார நிலையத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படும் விதத்தைக் கவனித்தால் சிக்கல் புரியும். "கடைசியா எப்பம்மா குளிச்சே?" என்று செவிலியர் கேட்கிறார். "ஆடிப்பெருக்கு அன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டேன்க்கா" என்கிறாள் வந்த பெண். அட்டையில் ஆகஸ்ட் 3 ஏறிவிடுகிறது. ஆனால் அவள் சொன்னது குளித்த நாள். மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றும் வழக்கம் உள்ள வீடானால் விலக்கான முதல் நாள் ஆகஸ்ட் 1. ஐந்தாம் நாள் ஊற்றும் வீடானால் ஜூலை 30. கேள்வியும் சரி, பதிலும் சரி. கேட்டவர் மனதில் இருந்த நாளும் சொன்னவள் மனதில் இருந்த நாளும்தான் வேறு.

இந்தக் குழப்பம் ஐரோப்பாவின் மருத்துவ நூல்களிலும் இருந்தது. லெய்டன் நகரப் பேராசிரியர் ஹெர்மன் போர்ஹாவின் விரிவுரைகள் 1744-இல் அச்சானபோது, கடைசி மாதவிலக்கோடு ஒரு வாரத்தைச் சேர்த்து அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணும் வழி அதில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைடல்பர்கின் ஃபிரான்ஸ் கார்ல் நேகலே அதையே எடுத்துச் சொல்ல, அவர் பெயரே விதிக்கு நிலைத்துவிட்டது. மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்தா, முடிந்த நாளிலிருந்தா என்பதை அந்தப் பழைய வாசகங்கள் தெளிவாகச் சொல்லவில்லை. முதல் நாள்தான் என்று உறுதிப்படுத்தியவை பிற்காலப் பாடநூல்கள். நான்கைந்து நாள் வித்தியாசம் அன்றைய மருத்துவருக்குப் பெரிதாகத் தோன்றாதிருக்கலாம். 41-ஆம் வாரத்தில் வலி வரவழைக்கலாமா என்று முடிவெடுக்கும் இன்றைய மருத்துவருக்கு அது பெரிது.

இன்று எல்லோரும் கற்கும் விதி எளிமையானது. முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டு. 2025 ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. இதற்குள் சரியாக 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் அடங்குகின்றன. 28 நாளை ஒரு மாதம் என்று கொண்டால் பத்து மாதம். நம் வீடுகளில் சொல்லும் பத்து மாதக் கணக்கும் இதனோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஆங்கில மாதங்களுக்கு ஒரே நீளம் இல்லை. மே 10-ஐ எடுத்து இதே விதியைப் போட்டால் பிப்ரவரி 17 வரும். இடையில் 283 நாட்கள். நாட்களாகவே எண்ணினால் பிப்ரவரி 14. ஒருவர் மாதக் கணக்காகவும் இன்னொருவர் நாள் கணக்காகவும் போட்டால், ஒரே பெண்ணுக்கு இரண்டு தேதிகள் கிடைத்துவிடும். 280 நாளை எண்ணுவதே நல்லது.

வாரங்களை எண்ணுவதில் குடும்பங்களைத் துன்புறுத்தும் ஒரு சங்கதி உண்டு. ஆகஸ்ட் 20-ஆம் தேதி மாதவிலக்கான பெண்ணுக்குச் செப்டம்பர் 1-ஆம் தேதி திருமணம் நடக்கிறது. அக்டோபர் 1-ஆம் தேதி எடுத்த ஸ்கேனில் 'ஆறு வாரம்' என்று வருகிறது. திருமணமாகி முப்பது நாள்தானே ஆகிறது என்று மாமியார் வீட்டில் முகங்கள் மாறுகின்றன. வளைகுடாவிலிருந்து கணவன் விடுப்பில் வந்து போன வீடுகளிலும் இதே கணக்கு இதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. உண்மையில் அந்த ஆறு வாரத்தில் முதல் இரண்டு வாரம் கரு என்று எதுவுமே இல்லை. 28 நாள் சுழற்சியில் கருமுட்டை வெளிவருவது ஏறத்தாழ 14-ஆம் நாள். இந்தப் பெண்ணுக்கு அது செப்டம்பர் 3-ஐ ஒட்டி வருகிறது. ஸ்கேன் அன்று கருவின் வயது நான்கு வாரம். கர்ப்பத்தின் கணக்கு ஆறு வாரம். கருத்தரித்த நாளை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது, மாதவிலக்கான நாளைப் பார்க்க முடியும் என்பதால்தான் அங்கிருந்து எண்ணும் மரபு வந்தது. கருத்தரித்த நாள் துல்லியமாகத் தெரிந்த சோதனைக்குழாய்க் கர்ப்பத்திலும் ஒப்பீட்டுக்காக இரண்டு வாரத்தைக் கூட்டியே எழுதுகிறார்கள். ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது இந்த இரண்டு வாரத்தைப் பற்றி வாய்திறந்து சொல்வது மருத்துவரின் கடமை. அரை நிமிடப் பேச்சு ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றும்.

இன்னொன்று, எண்ணப்படுவது முடிந்த வாரங்கள். அட்டையில் 12+3 என்றிருந்தால் பன்னிரண்டு வாரம் முடிந்து மூன்று நாள் என்று பொருள். வழக்கில் அது பதின்மூன்றாவது வாரம். 37 வாரம் முடியுமுன் பிறப்பது குறைமாதம். 36+6 அன்று பிறந்த குழந்தையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

நேகலே விதி எல்லாப் பெண்களுக்கும் 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்கிறது. இந்த அனுமானம் தவறும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் முழுதாகப் பார்க்கலாம். ஒரு பெண்ணுக்கு 2025 மே 10 முதல் நாள், தேதியில் ஐயமில்லை. நாள் கணக்கில் இ.டி.டி. 2026 பிப்ரவரி 14. ஜூலை 23-ஆம் தேதி ஸ்கேன் எடுக்கிறார்கள். அன்று கணக்குப்படி 74 நாள், அதாவது 10+4. திரையில் சிசுவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளம் 25 மில்லிமீட்டர். 1970-களில் கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் உருவாக்கிய அளவீட்டு முறைப்படி அந்த நீளத்துக்கு வயது 9+2. ஒன்பது நாள் வித்தியாசம்.

அப்போதுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறார்கள். "உனக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்மா?" "முப்பத்தஞ்சு, முப்பத்தாறு நாள் ஆகும்." புதிர் அவிழ்கிறது. கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரையுள்ள காலம் பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே இருக்கும். சுழற்சி நீளும்போது நீள்வது பெரும்பாலும் அதற்கு முந்தைய பகுதி. இவளுக்குக் கருமுட்டை ஒரு வாரத்துக்கும் மேல் தாமதமாக வந்திருக்கிறது. குழந்தை வளர்ச்சியில் பின்தங்கவில்லை. அதன் வாழ்க்கையே தாமதமாகத்தான் தொடங்கியது.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வரையறைப்படி, 9 முதல் 13+6 வாரம் வரையிலான ஸ்கேனில் வித்தியாசம் ஏழு நாளைத் தாண்டினால் ஸ்கேன் தேதியையே ஏற்க வேண்டும். ஆகவே இவளுடைய புதிய இ.டி.டி. பிப்ரவரி 23. பழைய தேதியையே வைத்திருந்தால் பிப்ரவரி 21-ஆம் தேதி 41 வாரம் முடிந்ததாகக் கருதி வலி வர மருந்து ஏற்றியிருப்பார்கள். உண்மையில் அன்று 39+5. கருப்பை வாய் இளகாத நிலையில் தொடங்கிய மருந்து பலிக்காமல், கத்தி வைக்க வேண்டிய நிலை வரை போகலாம்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. கரு ஒட்டிய சமயத்தில் பட்ட சிறு உதிரத்தை மாதவிலக்கு என்று எண்ணிவிட்டால், கர்ப்பம் உண்மையைவிட மூன்று, நான்கு வாரம் இளையதாக அட்டையில் பதிவாகும். அதனால் "எப்போதும் போலத்தான் பட்டதா, குறைவாகப் பட்டதா?" என்ற கேள்வியும் அவசியம்.

முதல் மூன்று மாத ஸ்கேன் இவ்வளவு நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், அந்தக் கட்டத்தில் எல்லாச் சிசுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதுதான். பிறகு ஒவ்வொன்றும் தன் வழியில் போகும். 28 வாரத்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனில் மூன்று வாரம் வரை விலகல் இருக்கலாம் என்று அதே வரையறை ஒப்புக்கொள்கிறது. இங்கேதான் மிகவும் கவலை தரும் தவறு நிகழ்கிறது. தொடக்க ஸ்கேன்படி 32 வாரமான பெண்ணுக்கு அன்றைய ஸ்கேனில் குழந்தையின் அளவு 29 வாரத்துக்கு உரியதாக வருகிறது. எந்திரம் அளவுகளை வைத்துப் புதிய இ.டி.டி. ஒன்றை அச்சிட்டுத் தருகிறது. யாரோ பழையதை அடித்துவிட்டு அதை அட்டையில் எழுதுகிறார்கள். தேதி திருத்தப்பட்டதும் குழந்தை 'சரியான அளவில்' இருப்பதாக ஆகிவிடுகிறது. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாததால் வளராமல் கிடக்கும் குழந்தை, ஒரு பேனாக் கோட்டில் மறைந்துபோகிறது. முதலில் உறுதிசெய்த தேதி பிரசவம் வரை மாறக்கூடாது. பின்னால் வரும் ஸ்கேன் அந்தத் தேதியை வைத்து வளர்ச்சியை அளக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் குழந்தை அந்த நாளில் பிறக்குமா? நூற்றுக்கு நான்கைந்து பேருக்கே அப்படி அமைகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 125 கர்ப்பங்களில், பெண்களின் அன்றாடச் சிறுநீர் மாதிரிகளிலிருந்து கருமுட்டை வெளிவந்த நாளையே கண்டறிந்து எண்ணினார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், குறைமாதப் பிரசவங்களை ஒதுக்கிய பிறகும், கர்ப்ப காலம் பெண்ணுக்குப் பெண் 37 நாள் வரை வேறுபட்டது. தொடக்க நாள் துல்லியமாகத் தெரிந்தபோதே இப்படி. 'பிப்ரவரி 23' என்று மட்டும் கேட்டுப்போன குடும்பம் 24-ஆம் தேதி விடிந்ததும் பதறுகிறது. பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம், 23 அதன் நடுப்பகுதி என்று சொன்னால் வண்டியும் துணையும் முன்கூட்டியே ஏற்பாடாகும்.

ஆகவே அட்டையில் இ.டி.டி.யின் பக்கத்தில் அது எப்படி வந்தது என்பதும் இருக்க வேண்டும்: முதல் நாள் எது, அது நிச்சயமா உத்தேசமா, சுழற்சி எத்தனை நாள், முதல் ஸ்கேன் எந்தத் தேதியில், அன்று நீளம் எத்தனை மில்லிமீட்டர். வேறு ஊரில் நள்ளிரவில் வலியோடு வந்து சேரும் பெண்ணைப் பார்க்கும் பணி மருத்துவர், அந்த ஒரு வரியை வைத்துத் தேதியை எவ்வளவு நம்பலாம் என்று தீர்மானிக்க முடியும்.

இன்றைய முதல் அமர்வு, இந்த வசதி எதுவும் இல்லாத பெண்ணைப் பற்றியது. செங்கல் சூளையிலிருந்தோ கட்டட வேலையிலிருந்தோ முதன்முறையாக முப்பதாவது வார வாக்கில் வருகிறாள். மாதவிலக்கான நாள் நினைவில்லை, ஸ்கேன் எடுத்ததில்லை. 22 வாரத்துக்குள் ஸ்கேன் இல்லாத கர்ப்பத்தின் தேதியை அரைகுறைக் கணிப்பு என்றே கொள்ள வேண்டும். மூன்று வாரம் ஏறியும் இறங்கியும் இருக்கக்கூடிய அந்தத் தேதியை வைத்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து மறு ஸ்கேன் எடுத்து வளர்ச்சியின் வேகத்தைப் பார்ப்பதா, எந்த நாளில் பிரசவத்தை முடிவு செய்வது என்பதை அமர்வு விவாதிக்கும்.