லாரிக்குக் கட்டிய பிரீமியம் எப்போது செலவாகிறது?



நாமக்கல்லில் ஒரே ஒரு லாரி வைத்துத் தொழில் செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் தேதி அவர் லாரியின் காப்பீட்டை ஓராண்டுக்குப் புதுப்பிக்கிறார். கணக்குப் போட வசதியாக, பிரீமியம் 72,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணம் அன்றைக்கே வங்கியிலிருந்து போய்விடுகிறது. மாலையில் அவர் நோட்டில் எழுதுகிறார்: இன்சூரன்ஸ் செலவு, 72,000.

கையை விட்டுப் பணம் போனது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அது இன்னும் செலவாகவில்லை. 72,000 ரூபாய் கொடுத்து அவர் பன்னிரண்டு மாதப் பாதுகாப்பை வாங்கியிருக்கிறார். அதில் ஒரு நாள்கூட இன்னும் கழியவில்லை. வர வேண்டிய பாதுகாப்பு முழுவதும் அவருக்குப் பாக்கி இருக்கிறது. அப்படி வர வேண்டியது பாக்கி இருந்தால், கணக்கியலில் அது சொத்து. வங்கியில் இருந்த பணம் என்ற சொத்து, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு என்ற வேறொரு சொத்தாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சொத்து நாள்தோறும் கரைந்துகொண்டே இருக்கும். லாரி ஓடினாலும் கரையும், லோடு கிடைக்காமல் பட்டறையில் நின்றாலும் கரையும். டீசல் ஓடினால்தான் தீரும், டயர் ஓடினால்தான் தேயும். காப்பீடு தேதியைப் பார்த்துத் தீர்கிறது. மாதத்துக்கு 6,000 ரூபாய். நாள் கணக்கில் சொன்னால் 197 ரூபாய்க்குச் சற்று அதிகம். இந்த 6,000 ரூபாய்தான் டிசம்பர் மாதத்தின் செலவு. ஜனவரிக்கு இன்னொரு 6,000.

பேரேட்டில் இதை எழுதும் முறை எளிது. பணம் கட்டிய அன்று, முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கணக்கில் 72,000 பற்று, வங்கிக் கணக்கில் வரவு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும், காப்பீட்டுச் செலவுக் கணக்கில் 6,000 பற்று, முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கணக்கில் 6,000 வரவு. இந்த இரண்டாவது பதிவு எழுதும்போது ஒரு பைசாவும் கைமாறுவதில்லை. ரசீது இல்லை, வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வராது. அதனால்தான் பெரும்பாலோருக்கு இது மறந்துபோகிறது.

மார்ச் 31 வருகிறது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று நான்கு மாதம் கழிந்துவிட்டது. 24,000 ரூபாய் இலாப நட்டக் கணக்கில் செலவாகப் போய்ச் சேரும். மீதி 48,000 ரூபாய் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் நிற்கும். மாதத்துக்குப் பதில் நாளைக் கொண்டு கணக்கிட்டால், 365 நாளில் 121 நாள் கழிந்திருக்கிறது. செலவு 23,868, சொத்து 48,132. வித்தியாசம் 132 ரூபாய். எந்த முறையானாலும் சரி, ஆண்டுதோறும் அதையே பின்பற்றினால் போதும்.

இப்போது, 72,000-ஐயும் முதல் நாளே செலவாக எழுதியவரின் நிலையைப் பாருங்கள். லாரி வாங்கிய முதல் ஆண்டு அது என்றால், அந்த ஆண்டின் இலாபம் 48,000 ரூபாய் குறைவாகத் தெரியும். டிசம்பர் மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் லாரி நஷ்டத்தில் ஓடுவதுபோல் இருக்கும். ஜனவரியில் திடீரென்று நல்ல இலாபம் வந்ததுபோல் இருக்கும். வாடகை பேசும்போது அந்த இலாபத்தை நம்பி அவர் விலையைக் குறைத்துவிடலாம். ஜனவரி மாதம் சுமக்க வேண்டிய 6,000 ரூபாய் அவர் கண்ணில் படவே இல்லை அல்லவா?

சிறு லாரி உரிமையாளர்கள் சிலர், வரிக்கு இதெல்லாம் தேவையில்லையே என்று கேட்பார்கள். பத்து சரக்கு வாகனங்களுக்கு மேல் வைத்திருக்காதவர்கள் வருமானத்தை உத்தேச அடிப்படையில் காட்ட வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழியில் போகிறவருக்குக் காப்பீட்டை எந்த மாதத்தில் எழுதினாலும் வரி மாறாது. ஆனால் அவருடைய லாரி மாதத்துக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று வரி அலுவலகம் வந்து சொல்லாது. அதை அவரேதான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கும். என் பார்வையில் அதுதான் மோசமானது. 48,000 ரூபாயைச் சரியாகச் சொத்தில் காட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அதைச் செலவுக்கு மாற்ற மறந்துவிடுவது. அடுத்த டிசம்பரில் பிரீமியம் 81,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மார்ச்சில் புதிய பாலிசிக்கு நான்கு மாதச் செலவு 27,000, மீதிச் சொத்து 54,000. பழைய 48,000 நவம்பரிலேயே தீர்ந்துபோயிருக்கிறது. ஆகவே அந்த ஆண்டின் சரியான செலவு 48,000-மும் 27,000-மும் சேர்ந்து 75,000. மறந்தவர் கணக்கில் செலவு 27,000 மட்டும் இருக்கும், சொத்து 1,02,000 என்று நிற்கும். இலாபம் பெரிதாகத் தெரியும். அதை நம்பி வீட்டுக்குப் பணம் எடுப்பார், அல்லது இரண்டாவது லாரிக்குக் கடன் கேட்பார்.

இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் தேவையில்லை. நடப்பில் இருப்பது 81,000 ரூபாய் பாலிசி ஒன்றுதான். அதில் பாக்கி மட்டும் எப்படி 1,02,000 இருக்க முடியும்? ஓராண்டுப் பாலிசி ஒன்றே இருக்கும்போது, முன்கூட்டிச் செலுத்திய தொகை அதன் பிரீமியத்தைத் தாண்டவே முடியாது. தாண்டினால், உள்ளே எப்போதோ தீர்ந்துபோன பாலிசி ஒன்று சொத்து என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

முன்பணம் எல்லாமே தேதியைப் பார்த்துத் தீர்வதில்லை. ஃபாஸ்டேகை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 5,000 ரூபாய் போட்டால் அது சுங்கச்சாவடி தோறும் தீரும். மார்ச் 31 இரவு 1,850 ரூபாய் மிச்சம் இருந்தால், செலவு 3,150 மட்டுமே. லாரி நின்றால் இந்தப் பணமும் நிற்கும். ரீசார்ஜ் செய்த தொகையையெல்லாம் சுங்கச் செலவு என்று எழுதுவது பலரிடம் உள்ள வழக்கம். ரீசார்ஜ் பட்டியலை விட்டுவிட்டு, சாவடிகளில் பிடித்த தொகையைப் பார்த்து எழுதுவதே சரி.

தீரவே தீராத முன்பணமும் உண்டு. அலுவலக அறைக்கு வீட்டுக்காரரிடம் கொடுத்த ஒரு லட்சம் அட்வான்ஸ், காலி செய்யும்போது திரும்பி வர வேண்டியது. அதை மாதாமாதம் வாடகைச் செலவாகக் கழிக்கக் கூடாது. அடுத்த மூன்று மாத வாடகையை முன்னதாகக் கொடுத்திருந்தால் மட்டுமே அது மாதம் தோறும் கரையும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்புவதால், வீட்டுக்காரரிடம் உண்மையில் எவ்வளவு வர வேண்டும் என்பதில் பிற்பாடு சண்டை வருகிறது.

சின்னச் சின்னத் தொகைக்கெல்லாம் இப்படிப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஐந்நூறு ரூபாய்ப் பத்திரிகைச் சந்தாவைக் கட்டிய அன்றே செலவாக எழுதிவிடலாம். இலாபத்தைப் பற்றி நாம் எடுக்கும் முடிவை மாற்றக்கூடிய தொகைகளைப் பிரித்தால் போதும். லாரிக்காரருக்குக் காப்பீடு கட்டாயம் அந்த வகையில் வரும்.

உங்கள் வண்டிக்கோ கடைக்கோ பாலிசி இருந்தால், வரும் மார்ச் 31-க்குள் அதை எடுத்து, முடிவுத் தேதியைப் பாருங்கள். பாக்கி எத்தனை மாதம் என்று எண்ணி, அதற்குரிய ரூபாயை நோட்டில் தனி வரியாக எழுதிவையுங்கள். அந்தத் தொகை எந்த மாதத்தோடு தீர்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.