தாம்பூலப் பை: முதலில் எண்ணிக்கை, பிறகு பொருள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் அடுத்தடுத்து கல்யாணங்கள் வருகின்றன. தாம்பூலப் பையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்தவள் என்ற முறையில், முதல் தடவை செய்த தப்பையும் இரண்டாம் தடவை திருத்திக்கொண்டதையும் சொல்கிறேன்.

பெரியவள் கல்யாணத்தில், சமையல்காரரிடம் சொன்ன இலைக் கணக்கையே பைக்கும் வைத்தோம். 500 இலை, 500 பை. ஆனால் பை தலைக்கு ஒன்று அல்ல, குடும்பத்துக்கு ஒன்றுதானே! கடைசியில் 210 பைகள் மிஞ்சின. தேங்காய்களை யார் யாருக்கோ கொடுத்துத் தீர்த்தோம். உள்ளே வைத்த பிளாஸ்டிக் டப்பாவுக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதைக் கொடுக்கவும் கூச்சமாக இருந்தது.

சின்னவளுக்கு, பத்திரிகை கொடுத்த பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். பத்திரிகை வைத்த வீடுகள் 280. வெளியூர்க்காரர்களில் பலர் வர முடியாது என்பதால் முக்கால் பங்கு, அதாவது 210 என்று வைத்தோம். அலுவலக நண்பர்கள் தனித்தனியாக வருவார்கள், அவர்களுக்கு 50. கூடுதலாக 40. ஆக 300. வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. இரண்டுக்கும் வரும் நெருங்கிய உறவினருக்கு, ஊருக்குக் கிளம்பும்போது ஒரே தடவை கொடுத்தோம்.

அடுத்தது பொருள். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவைத் தேர்ந்தெடுத்தோம். கடுகு, சீரகம் போட எந்த வீட்டிலும் உதவும், உடையாது, கைப்பையிலும் அடங்கும். பாரிமுனை மொத்தக் கடையில் டப்பா 48 ரூபாய்க்குக் கிடைத்தது. மொத்தமாகச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு டப்பா வாங்கி வந்து, தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பார்த்தோம். இரண்டொரு சொட்டு கசிந்தால் பரவாயில்லை, மூடியே கழன்றால் வேண்டாம். விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், மடிக்காத தகடாக இருந்தால் கையைக் கிழிக்கும். சரக்கு வந்ததும் மேல் பெட்டியை மட்டும் பார்க்காமல், நடுவிலுள்ள பெட்டியையும் பிரித்துப் பாருங்கள். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பைக்குப் பருத்தித் துணி மஞ்சப்பை, அச்சோடு 22 ரூபாய். துணி போலவே தோன்றும் 'நான்-ஓவன்' பையும் பிளாஸ்டிக்தான். நம் மாநிலத்தில் 2019 ஜனவரியிலிருந்து அதற்கும் தடை உண்டு. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு சிறு துணுக்கை வெட்டிக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், மற்றது உருகிச் சுருளும். மணமக்கள் பெயரை ஒரு பக்கம் மட்டும், சிறிதாக அச்சடியுங்கள். அப்போதுதான் அந்தப் பை காய்கறிக் கடைக்கும் போகும். அச்சுக்கு முன் தேதியை இரண்டு பேர் சரிபார்க்கட்டும்.

மஞ்சள், குங்குமம், பாக்குப் பொட்டலங்கள், வெற்றிலை எல்லாம் சேர்த்து 10 ரூபாய். ஆக ஒரு பை 80 ரூபாய், 300 பைக்கு 24,000.

தேங்காயை என்ன செய்வது? பெரியவர்கள் தேங்காய் இல்லாத தாம்பூலமா என்பார்கள். பேருந்தில் போகிறவர்களுக்கோ அது சுமை. அதனால் தேங்காயைப் பைக்குள் போடாமல், வாசலில் கூடையில் வைத்து, வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்தோம். 30 ரூபாய் வீதம் 150 காய், 4,500 ரூபாய். ஏறக்குறைய பாதிப் பேர்தான் வாங்கிக்கொண்டார்கள். 128 காய் செலவானது. எல்லோருக்கும் என்றால் 9,000 ஆகியிருக்கும்.

பை நிரப்புவது ஒரு மாலை வேலை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்தோம். பொட்டலங்களை டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டோம். குங்குமம் கொட்டினாலும் துணியில் கறை படாது. வெற்றிலையை மட்டும் அன்றன்று, ஈரம் துடைத்துச் சேர்த்தோம். ஈரத்தோடு வைத்தால் அழுகிவிடும்.

ஒரு அட்டைப் பெட்டிக்கு 25 பை. இதனால் வரவேற்பு முடிந்த இரவு, பெட்டிகளை எண்ணியே மீதி எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. முதலில் 250 மட்டும்தான் நிரப்பினோம். முகூர்த்தத்தன்று குறைகிற மாதிரி தெரிந்ததும் இன்னொரு பெட்டி நிரப்பினோம். மொத்தம் 262 பைகள் போயின. பிரிக்காத ஒரு பெட்டி டப்பாவைக் கடைக்காரர் பேசியபடி திரும்ப எடுத்துக்கொண்டார், 1,200 ரூபாய் கைக்கு வந்தது.

இன்னும் ஒன்று. பை கொடுக்க வாசலில் இரண்டு பேரைப் போடுங்கள். அதில் ஒருவர் பெண் வீட்டார், மற்றவர் மாப்பிள்ளை வீட்டாராக இருக்கட்டும். அப்போதுதான் யார் எந்தக் குடும்பம் என்று தெரியும். எங்கள் வீட்டு மாமி ஒருவருக்கு முதல் கல்யாணத்தில் பை கிடைக்காமல் போய்விட்டது. 210 மிஞ்சியும் அவருக்கு ஒன்று போகவில்லையே என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.