சூளையை எங்கே நிறுத்தி ஏற்றணும்?

நம்ம புளியறை சாரல்ல மண்விளக்கு தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும்; உள்ளே ஈரம் நிக்கும். அது தெரியாம நாங்க மின்சூளையில வச்சு ஒரே மூச்சில் சூட்டை ஏத்தினோம். பாதி விளக்கு வெடிச்சுச் சிதறிப்போச்சு.

100 டிகிரியில் தண்ணி ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல விரியும். மண்ணுக்குள்ள அதுக்கு இடமேது? அதனால இப்போ கன்ட்ரோலரில் முதல் படியா, மணிக்கு 40 டிகிரி வீதம் 90 வரை ஏத்தி, அங்கேயே மூணு மணி நேரம் நிறுத்தி வைக்கிறோம். ஏத்துறது 'ரேம்ப்', நிறுத்துறது 'சோக்'. மேல்துளைக்கு நேரே ஒரு சில்லுனு இருக்கிற கண்ணாடியைக் காட்டுவோம். பனி படர்ந்தா ஈரம் போகலைன்னு அர்த்தம். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்போம். நேரக்கணக்கைவிட கண்ணாடியைத்தான் நம்புறோம்.

பிறகு மணிக்கு 100 டிகிரி வீதம் 600 வரை. 573-ஐத் தாண்டும்போது மண்ணிலுள்ள மணல் சட்டுனு விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கே அவசரம் ஆகாது. அப்புறம் கொஞ்சம் வேகமா 900-க்குப் போய், அரைமணி நிறுத்துவோம். நடுவில் உள்ள விளக்குக்கும் ஓரத்து விளக்குக்கும் சூடு ஒண்ணாச் சேரணுமே!

அணைச்ச பிறகு கதவைத் திறக்கிறது மறுநாள்தான், அதுவும் 100-க்குக் கீழே இறங்கினப்புறம். ஆசையில சீக்கிரம் திறந்தா, விளக்கில் மயிரிழை விரிசல் விழும். தட்டிப்பாருங்க, 'டிங்'னு கேட்காது, 'டப்'னு கேட்கும்.