மேட்டு நடையும் முதுகுப்பையும்

70 கிலோ எடையுள்ளவர் சமதளத் தார்ச்சாலையில் மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால், 1977இல் பாண்டோல்ஃப் குழுவினர் வெளியிட்ட சூத்திரத்தின்படி ஏறத்தாழ 125 கலோரி செலவாகும். அதில் 45 கலோரி, அசையாது நின்றிருந்தாலும் செலவாகியிருக்கும். பலர் இதைக் கழிக்க மறந்து, நடைக்குப்பின் கூடுதலாக உண்டுவிடுகின்றனர்.

நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில் அதே வேகத்தில் ஏறினால் செலவு 196 கலோரியாகிறது. முதுகில் 10 கிலோ பையும் இருப்பின் 219. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது பை. உடலை வாட்டுவதோ மேடு. மூச்சிரைத்து வேகம் தளர்ந்தால், தளர்ந்த வேகத்தைக் கொண்டே மீண்டும் கணக்கிட வேண்டும். இறக்கத்திற்கு இச்சூத்திரம் பொருந்தாது.